வெள்ளைக் குருணை: பூஞ்சையா, பாக்டீரியாவா?

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 34, ஊர் ராமநாதபுரம் பக்கம். இங்கே சிங்கப்பூரில், துவாசில் கட்டுமான வேலை. ஆறு வருடத்துக்கு முன் விறகு வெட்டும்போது வலது பாதத்தில் கருவேல முள் ஏறியது. சில மாதம் கழித்து அந்த இடத்தில் வலியே இல்லாமல் ஒரு கட்டி. ஊரில் ‘நீர்க்கட்டி’ என்று வெட்டி எடுத்தார்கள், திரும்ப வந்துவிட்டது. இப்போது பாதம் வீங்கி, நான்கு இடத்தில் ஓட்டை. சீழோடு வெள்ளையாக ரவை மாதிரி வருகிறது. போன லீவில் ஊர் டாக்டர் இட்ரகோனசோல் கேப்சூல் கொடுத்தார். தினமும் காலையில் கேஸ் மாத்திரையோடு வெறும் வயிற்றில் மூன்று மாதம் போட்டேன், பலன் இல்லை. இங்கே ஒரு கிளினிக்கில் பத்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். நாற்றமும் வலியும் போய், இரண்டு வாரத்தில் திரும்ப வந்தது. இன்னொரு டாக்டர் ஆபரேஷன்தான் என்கிறார். ரூமில் இருப்பவர்கள் காலையே எடுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். எது சரி?

தம்பி, மூன்று டாக்டர்கள் சொன்ன மூன்றுமே இந்த நோய்க்கு உண்டான வைத்தியங்கள்தான். ஆனால் அந்த ரவை எதனால் ஆனது என்று பார்த்துவிட்டு யாரும் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அது தெரியாமல் மாத்திரையும் எழுத முடியாது, கத்தியும் எடுக்கக்கூடாது. அதனால் ‘எது சரி’ என்பதற்கு என் இப்போதைய பதில்: மூன்றையும் நிறுத்தி வையுங்கள். முதலில் ஆழத்திலிருந்து ஒரு துண்டு சதை எடுத்து, அதில் இருப்பது பூஞ்சையா பாக்டீரியாவா என்று கண்டுபிடிக்க வேண்டும். கால் போகுமா என்ற கேள்வியும் பெரும்பாலும் அந்தப் பதிலைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

வலியில்லாத கட்டி, புரையோடிய ஓட்டைகள், அவற்றின் வழியே வரும் குருணை. இந்த மூன்றும் ஒரே பாதத்தில் சேர்ந்து வந்தால் மைசெட்டோமா என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். உங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இதற்குப் பெயரே பிறந்தது. 1842இல் ஜான் கில் என்ற மருத்துவர் மதுரையில் இந்தப் பாதங்களைப் பார்த்து எழுதி வைத்தார். ‘மதுரா ஃபுட்’ என்று இன்றும் உலகம் முழுக்கச் சொல்வது அதனால்தான். பிறகு 1860இல், பம்பாயில் வேலை பார்த்த வான்டைக் கார்ட்டர் இதற்கு மைசெட்டோமா என்று பெயர் வைத்தார். உடற்கூறு படிக்கும் மாணவர்கள் இன்றும் புரட்டும் கிரே புத்தகத்தின் முதல் பதிப்புக்குப் படம் வரைந்தவர் அவர். மைசெட்டோமா என்றால் பூஞ்சைக் கட்டி என்று அர்த்தம். என்னைக் கேட்டால் அந்தப் பெயரே பாதிப் பேரை ஏமாற்றிவிடுகிறது, ஏனென்றால் இது ஒரு நோய் கிடையாது, இரண்டு. ஒன்று நிஜமாகவே பூஞ்சையால் வருவது. மற்றொன்று நூல் நூலாக வளரும் ஒருவகை பாக்டீரியாவால் வருவது. மண்ணில் இரண்டும் இருக்கின்றன, முள்ளோடு இரண்டும் ஏறும், பாதத்தை இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வீங்க வைக்கும். பூஞ்சைக்குக் கொடுக்கிற மருந்து பாக்டீரியாவைத் தொடாது; பாக்டீரியாவுக்குக் கொடுப்பதைப் பூஞ்சை கண்டுகொள்ளாது.

உங்கள் கடிதத்தில் இரண்டு தடயங்கள் இருக்கின்றன. இரண்டுமே பார்க்கத் தெளிவாகத் தெரியும், ஆனால் இரண்டுமே வழி தவறச் செய்யும்.

முதலாவது, ஆன்டிபயாட்டிக் போட்டதும் கொஞ்சம் குணமானது. ‘அப்படியானால் பாக்டீரியாதானே?’ என்று தோன்றும். அவசரப்படக்கூடாது. திறந்து கிடக்கும் ஓட்டை வழியாகத் தோலில் இருக்கும் சாதாரணக் கிருமிகள், முக்கியமாக ஸ்டாஃபிலோகாக்கஸ், உள்ளே போய் மேலாகக் குடியேறிவிடும். நாற்றமும் திடீர் வலியும் பெரும்பாலும் அவற்றின் வேலை. மைசெட்டோமா தானாக அவ்வளவாக வலிக்காது. பத்து நாள் மாத்திரையில் அந்த மேல்வாடகைக்காரர்கள் செத்துப்போனார்கள், நாற்றம் நின்றது. வீட்டுக்காரர் உள்ளே அப்படியே இருக்கிறார். பூஞ்சை மைசெட்டோமாவிலும் இதே ‘குணம்’ தெரியும்.

இரண்டாவது, இட்ரகோனசோல் பலிக்கவில்லை. அதனால் பூஞ்சை இல்லை என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. இட்ரகோனசோல் கேப்சூல் வயிற்றில் அமிலம் இருந்தால்தான் கரைந்து ரத்தத்தில் ஏறும். அதனால் அதை வயிறார சாப்பிட்ட உடனே போட வேண்டும். நீங்கள் வெறும் வயிற்றில், அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரையோடு போட்டிருக்கிறீர்கள். உள்ளே போன மருந்தில் எவ்வளவு பாதம் வரை போய்ச் சேர்ந்திருக்கும் என்று சந்தேகம்தான். தப்பு உங்கள் மீது இல்லை. யாராவது சொல்லியிருக்க வேண்டும். அதோடு, பூஞ்சை வகைக்கு மூன்று மாதம் என்பது தொடக்கம்கூட இல்லை. சரியாகச் சாப்பிட்டவருக்கே அதற்குள் பெரிதாக எதுவும் தெரியாது.

ஆக, மருந்து கொடுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி இந்த நோயில் அடைபட்டுப் போகிறது. ‘சரி, இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாமே’ என்று சில டாக்டர்களே கேட்பார்கள். ஒன்றிரண்டு வாரத்து வைத்தியமாக இருந்தால் நானும் யோசிப்பேன். இங்கே பேச்சு மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில். ஈரலையும் சிறுநீரகத்தையும் காதையும் தொடக்கூடிய மருந்துகளை எதற்கு என்று தெரியாமல் அவ்வளவு காலம் கொடுக்க எனக்கு மனம் வராது.

சரி, குருணையின் நிறம் எதாவது சொல்லாதா? சொல்லும். கறுப்பாக வந்தால் ஏறக்குறைய நிச்சயமாகப் பூஞ்சை; சூடானில் மிகுதியாகக் காணப்படும் மதுரெல்லா என்ற பூஞ்சை அப்படித்தான் கடுகு போலக் கறுப்பாகக் கொட்டும். பெயரில் மதுரை இருப்பதைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் பாக்டீரியா. உங்கள் கெட்ட நேரம், உங்களுக்கு வருவது வெள்ளை. வெள்ளையும் இளமஞ்சளும் இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். ஆக்டினோமதுரா என்ற பாக்டீரியாவும் வெள்ளைக் குருணை போடும், செடோஸ்போரியம் என்ற பூஞ்சையும் போடும். ஒரு சின்னத் துப்பு மட்டும் உண்டு. நோகார்டியா என்று இன்னொரு பாக்டீரியா இருக்கிறது, மெக்சிகோவில் இந்த நோய்க்கு அதுதான் முதல் காரணம். அதன் குருணை மிகச் சிறியது, வெறும் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாது. நீங்கள் ரவை அளவுக்குப் பார்க்கிறீர்கள் என்றால் நோகார்டியாவாக இருக்கும் வாய்ப்புக் கொஞ்சம் குறைவு. இதற்கு மேல் கண்ணை நம்பக்கூடாது.

அப்புறம் எப்படித்தான் கண்டுபிடிப்பது? இதில் எனக்குப் பிடித்த பகுதியே அதுதான், ஏனென்றால் முதல் பதில் பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும். ஓட்டையின் வாயை சலைனால் நன்றாகக் கழுவி, பக்கத்தில் லேசாக அமுக்கினால் ஒரு குருணை வெளியே வரும். அதை ஊசி முனையால் எடுத்து, சலைனில் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு கண்ணாடி ஸ்லைடில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட வேண்டும். மேலே கவர் ஸ்லிப்பை வைத்துக் கட்டை விரலால் அழுத்தினால் குருணை நசுங்கும். ஆக்டினோமதுராவாக இருந்தால் பெரும்பாலும் வெண்ணெய் போல மெத்தென்று படியும். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பூஞ்சை என்றால் இடியாப்பச் சிக்கல் போலத் தடித்த இழைகள், நடுநடுவே தடுப்புகளோடு, ஓரத்தில் உருண்டை உருண்டையாக வீங்கியும் இருக்கும். ஒவ்வொரு இழையும் 2 முதல் 5 மைக்ரான் தடிமன். பாக்டீரியா என்றால் இலவம்பஞ்சைப் பிய்த்தது போல மெல்லிய நூல்கள், 1 மைக்ரானைத் தாண்டாது. இந்தத் தடிமன் வித்தியாசம்தான் உங்கள் கேள்வியின் அச்சாணி. இன்னொரு குருணையை நசுக்கிக் கிராம் சாயம் போட்டால், பாக்டீரியா நூல் கருநீலமாகப் பளிச்சென்று தெரியும்.

ஆனால் இந்தப் பத்து நிமிடப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு வருட வைத்தியம் தொடங்க மாட்டேன். பூஞ்சை என்றாலும் எந்தப் பூஞ்சை, பாக்டீரியா என்றாலும் எது என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு ஓட்டையின் வாயில் பஞ்சுக் குச்சியைத் தடவி எடுக்கும் ஸ்வாப் உதவாது. அதில் மேல்வாடகைக்காரர்கள்தான் வளர்வார்கள். மயக்க மருந்து கொடுத்து, முடிந்தால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, குருணை இருக்கும் ஆழத்திலிருந்து சதை எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் பழைய தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரு மருத்துவமனையில் இப்படிப்பட்ட ஒரு பாதத்திலிருந்து அருமையான துண்டு ஒன்றை எடுத்தோம். குருணைகள் கண்ணுக்கே தெரிந்தன. நான்தான் டப்பாவை நீட்டினேன். வழக்கப்படி ஃபார்மலின் டப்பா. மொத்தச் சதையும் அதில் விழுந்தது. ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்த கிருமி, அதை வளர்த்துப் பார்க்க முடியாது. லேபிலிருந்து ஃபோன் வந்தபோது காதுமடல் வரை சுட்டது. அந்த மனிதர் இன்னொரு முறை மேஜையில் படுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இரண்டு டப்பாவும் மேஜையில் வந்த பிறகுதான் கத்தியைத் தொட விடுவேன்: ஒன்றில் ஃபார்மலின், மற்றொன்றில் கிருமி நீக்கிய வெறும் சலைன். முதலாவது திசுப் பரிசோதனைக்கு, இரண்டாவது வளர்ப்புக்கு. நீங்களும் பயாப்ஸிக்குப் போகும்போது ‘கல்ச்சருக்குத் தனியாக அனுப்புகிறீர்களா’ என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஃபாரத்தில் மைசெட்டோமா சந்தேகம் என்று எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் லேப் சாதாரணப் புண் மாதிரி இரண்டு நாள் வளர்த்துப் பார்த்துவிட்டு ‘ஸ்டாஃபிலோகாக்கஸ்’ என்று முடித்துவிடும். இந்தக் கிருமிகள் சோம்பேறிகள்; தட்டில் எட்டிப் பார்க்கவே சில சமயம் வாரக்கணக்காகும், நான்கு முதல் ஆறு வாரம் வரை வைத்திருக்கச் சொல்ல வேண்டும். வளராமல் போனால் அதே சதையிலிருந்து பிசிஆர் முறையில் மரபணுவைப் படித்தும் இனத்தைச் சொல்லிவிடலாம்.

இன்னொன்று: எடுப்பதற்கு முன் சில வாரமாவது எந்த ஆன்டிபயாட்டிக்கும், எந்தப் பூஞ்சை மாத்திரையும் போடாமல் இருந்தால் வளர்ப்பு கைகூடும். காய்ச்சல் வந்தாலோ பாதம் திடீரென்று சிவந்து சுட்டாலோ அது வேறு கதை, அப்போது காத்திருக்கக்கூடாது.

திசுப் பரிசோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது, அதை ஒரு நோயாளியின் கதையோடு சொல்கிறேன். அவரும் நம்மூர்க்காரர், கப்பல் பட்டறையில் வேலை. பாதத்தின் மேல்புறம் வீங்கி, வெள்ளைக் குருணையோடு என்னிடம் வந்தார். வேறோர் இடத்தில் பயாப்ஸி எடுத்து ‘வெள்ளிச் சாயத்தில் இழைகள் கறுப்பாகத் தெரிகின்றன, பூஞ்சை’ என்று ரிப்போர்ட் கொடுத்திருந்தார்கள். அதை நம்பி பதினான்கு மாதம் இட்ரகோனசோல், அதுவும் ஒழுங்காகச் சாப்பாட்டோடு. வீக்கம் கணுக்காலை எட்டியிருந்தது, புதிதாக மூன்று ஓட்டைகள். ‘மருந்துக்கு அடங்கவில்லை, எடுத்துவிடலாம்’ என்று பேச்சு வந்த கட்டத்தில்தான் என்னிடம் அனுப்பினார்கள்.

பழைய ஸ்லைடுகளை வரவழைத்து நோயியல் நிபுணரோடு உட்கார்ந்து பார்த்தோம். வெள்ளிச் சாயம் பூஞ்சையைக் கறுப்பாக்கும் என்பது உண்மை. ஆனால் இந்த நூல் பாக்டீரியாக்களையும் அது கறுப்பாக்கும். அன்று பார்த்தவர் நிறத்தைப் பார்த்தார், தடிமனைப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே ரத்தச் சிவப்பணு ஒன்று கிடந்தது. அது சுமார் 7 மைக்ரான். அதன் குறுக்களவில் ஏழெட்டு நூலைப் பக்கம் பக்கமாக அடுக்கலாம் போல இருந்தது. பூஞ்சை இழை அவ்வளவு மெலியாது. மிச்சமிருந்த சதையில் கிராம் சாயம் போட்டதும் மெல்லிய நீல நூல்கள். புதிதாக எடுத்த துண்டில் மூன்றாவது வாரம் ஆக்டினோமதுரா வளர்ந்தது. மருந்தை மாற்றினோம். ஐந்து வாரத்துச் சுற்று ஒன்று முடிந்தபோது சீழ் பாதியாகிவிட்டது. இரண்டாவது சுற்றின் முடிவில் பேண்டேஜ் காய்ந்தே வந்தது. மாத்திரை இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. கத்தி தேவைப்படவே இல்லை.

உங்களுடையதும் பாக்டீரியா என்று வந்தால், பாதை ஏறக்குறைய அதுதான். அடிப்படை மருந்து கோட்ரைமாக்சசோல் மாத்திரை, சாதாரணத் தொற்றுக்குக் கொடுப்பதைவிட அதிக அளவில், மாதக் கணக்கில். எலும்பைத் தொட்டிருந்தாலோ பாதம் முழுக்கப் பரவியிருந்தாலோ அதோடு அமிகாசின் ஊசி சேரும்: உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம், மூன்று வாரம் ஊசி, இரண்டு வாரம் ஓய்வு, மாத்திரை மட்டும் நிற்காமல் ஓடும். இந்த ஐந்து வாரம் ஒரு சுற்று. இப்படி ஒன்றிலிருந்து நான்கு சுற்று வரை போகலாம். மெக்சிகோவில் உருவான இந்த முறையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகியிருக்கிறார்கள். உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்வது காதைப் பற்றி. அமிகாசின் உள்காதைக் கெடுக்கலாம். முதலில் போவது உச்சத்தொனி கேட்கும் திறன், போனால் திரும்பாது. ஹேக்கிங் மெஷினும் டிரில்லும் ஓடும் இடத்தில் வருடக் கணக்கில் நிற்பவர் நீங்கள். ஊசி தொடங்கும் முன்பே ஒரு கேட்கும் திறன் பரிசோதனை எடுத்து வைத்தால்தான் பிறகு குறைந்தது எது, பழசு எது என்று பிரித்துச் சொல்ல முடியும். சிறுநீரகத்துக்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துகொண்டே இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக்கூடாது. கோட்ரைமாக்சசோலுக்கு முன், ரத்தச் சிவப்பணுவில் இருக்க வேண்டிய ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் உடம்பில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த வேளையைப் போடாமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

இந்த வகையில் அறுவைக்கு அவசரம் இல்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. பாக்டீரியா வகை சதைக்குள் எல்லை வைத்துக்கொள்ளாமல் பரவும். எங்கே முடிகிறது என்று சர்ஜனுக்கே தெரியாது. மருந்து நன்றாக வேலை செய்யும் நோயில், எல்லை தெரியாத இடத்தில் வெட்டுவது எதற்கு?

பூஞ்சை என்று வந்தால் கணக்கே தலைகீழ். மருந்து மெதுவாகத்தான் பேசும். மாத்திரையால் மட்டும் முழுக் குணம் கண்டவர்கள் சிறுபான்மைதான். ஆனால் பூஞ்சை வகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: மருந்து ஓட ஓடக் கட்டியைச் சுற்றி நார்த் திசு ஒரு ஓடு மாதிரி இறுகும். அதனால்தான் முதலில் குறைந்தது ஆறு மாதம் இட்ரகோனசோல், பெரும்பாலும் நாளுக்கு 400 மில்லிகிராம் வரை. கட்டி சுருங்கி எல்லை கட்டிய பிறகு, அந்த ஓடு உடையாமல், சுற்றிலும் நல்ல சதை கொஞ்சம் சேர்த்து மொத்தமாக எடுக்கிறார்கள். புளியம்பழத்தில் ஓடு உடைந்தால் கொட்டை சிதறுமே, அதுபோல உள்ளே உடைந்தால் குருணை சிதறி நோய் திரும்பும். உங்கள் ஊரில் ‘நீர்க்கட்டி’ என்று எடுத்தது திரும்பியதும் பெரும்பாலும் இப்படித்தான், எந்த வகையாக இருந்தாலும். அறுவைக்குப் பிறகும் மாத்திரை இன்னும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று போகும். கட்டி கோலிக்குண்டு அளவில் இருந்து, ஓட்டை எதுவும் விழாமல் இருந்தால் நேராக எடுத்துவிட்டு மருந்து கொடுப்பதும் உண்டு. நான்கு ஓட்டை விழுந்த உங்கள் பாதத்துக்கு அது பொருந்தாது. ‘ஆபரேஷன்தான்’ என்று சொன்ன டாக்டர் தவறு என்று நான் சொல்லவில்லை. பூஞ்சை என்றால் அவர் சொன்னதும் நடக்கும், ஆனால் ஆறு மாதம் கழித்து.

பூஞ்சையிலும் இனம் முக்கியம். மதுரெல்லா இட்ரகோனசோலுக்கு ஓரளவு இறங்கி வரும். வெள்ளைக் குருணை போடும் செடோஸ்போரியத்துக்கு வோரிகோனசோல் மேல். ஃபியூசேரியம் என்று ஒன்று இருக்கிறது, எதற்கும் சுலபத்தில் மசியாது. இட்ரகோனசோல் திரும்பத் தொடங்கினால் கேஸ் மாத்திரையை நிறுத்த முடியுமா என்று டாக்டரிடம் பேசுங்கள். கொலஸ்ட்ராலுக்கு சிம்வாஸ்டாடின் போட்டால் அதையும் சொல்லுங்கள், இரண்டும் சேரக்கூடாது. ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை நடுநடுவே உண்டு. கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கினால் அது இதயம் சம்பந்தப்பட்டது, காத்திருக்கக்கூடாது. வாரம் ஒரு முறை மட்டும் போடும் ஃபாஸ்ராவுகோனசோல் என்ற மருந்தை சூடானில் சோதித்துப் பார்த்தார்கள். இட்ரகோனசோலைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் தினமும் நான்கு கேப்சூல் விழுங்குவதற்குப் பதில் வாரம் ஒரு முறை என்பது சின்ன விஷயம் அல்ல.

காலை எடுப்பது பற்றி ரூமில் சொல்வது எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. எலும்புகளை அரித்து, கணுக்காலைத் தாண்டி, மருந்துக்கும் மறு அறுவைக்கும் அடங்காத நிலையில் அது நடக்கிறது. பூஞ்சை வகையில்தான் அதிகம். உங்கள் நிலை அதில் எங்கே என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐயும் சொல்லும். எம்ஆர்ஐயில் சின்ன வெள்ளை வட்டம், அதன் நடுவே ஒரு கரும்புள்ளி என்று பல இடத்தில் தெரிந்தால் அதுதான் மைசெட்டோமாவின் முத்திரை: புள்ளி குருணை, வட்டம் அதைச் சுற்றிய வீக்கம். எலும்பு வரை போயிருக்கிறதா, எத்தனை எலும்பு என்று அதில் எண்ணிவிடலாம். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும்போது மருந்து வேலை செய்கிறதா என்பதும் அதே படத்தில்தான் தெரியும். ஓட்டை மூடியது மட்டும் போதாது. மேலே மூடி உள்ளே புள்ளி மிச்சமிருந்தால் மருந்தை நிறுத்தக்கூடாது.

இங்கே எப்படிப் போவது? நீங்கள் போய்வரும் கிளினிக்கிலேயே ‘மைசெட்டோமா சந்தேகம், ஆழமான பயாப்ஸியும் கல்ச்சரும் தேவை’ என்று எழுதி, தொற்றுநோய்ப் பிரிவுக்கோ தோல் பிரிவுக்கோ அனுப்பச் சொல்லுங்கள். நேரே சர்ஜனுக்கு வேண்டாம். செலவை நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள்: வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவரின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. 2023 ஜூலைக்குப் பிறகு அவர் எடுக்க வேண்டிய காப்புறுதி வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அது மருத்துவமனையில் தங்குவதற்கும் ஒரு நாள் அறுவைக்கும். மாதக் கணக்கில் வாங்கும் மாத்திரை அதில் அடங்காமல் போகலாம், அதனால் தொடங்கும் முன்பே மருத்துவமனையின் மருத்துவ சமூக சேவகரிடம் கம்பெனியோடு பேசச் சொல்லுங்கள். இது ஒட்டுவாரொட்டி இல்லை என்று எழுதித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடமும் ரூமிலும் காட்டலாம். ஒரே குளியலறை, ஒரே செருப்பு என்றாலும் இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

வைத்தியம் நடுவில் ஊருக்குப் போக நேர்ந்தால் ரிப்போர்ட் தாளோடு நிற்காமல், ஸ்லைடும் மெழுகில் பதித்த சதைத் துண்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கல்ச்சரில் என்ன வளர்ந்தது என்ற தாளை ஃபோனிலும் படம் எடுத்து வையுங்கள். அங்கே பார்ப்பவர் சந்தேகப்பட்டால் மறுபடி வெட்டாமல், அந்த நூலின் தடிமனை அவரே பார்த்துக்கொள்வார். அதுவரை பாதத்தைத் தினமும் கழுவி, காய்ந்த கட்டுப் போட்டு, பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸ். அப்புறம், பயாப்ஸிக்குப் போகும் அன்று காலையில் பேண்டேஜில் ஒட்டியிருக்கும் குருணைகளைத் துடைத்தெறியாமல், ஒரு சுத்தமான சின்ன டப்பாவில் சலைனில் போட்டு எடுத்துப் போங்கள்.